தாத்தாவும் பேரனும் ஒரே பெயரில்: குழப்பம் எங்கே வருகிறது, எப்படித் தவிர்ப்பது

தாத்தாவின் பெயரைப் பேரனுக்கு வைக்கலாம் என்று ஒரு வீட்டில் பேச்செடுத்தால், உடனே யாராவது ஒருவர் கேட்பார்: "கூப்பிட்டா ரெண்டு பேரும் திரும்பிப் பார்ப்பாங்களே, என்ன செய்யறது?" நியாயமான கேள்விதான். ஆனால் அந்தக் குழப்பத்தை எந்தக் குடும்பமும் சில வாரங்களில் தானாகவே தீர்த்துக்கொள்கிறது. நெடுங்காலம் கூடவே வருவது வேறொரு குழப்பம். அது காகிதத்திலும் கணினித் திரையிலும் உருவாகிறது. பெயர் வைக்கும் நாளில் அதைப் பற்றி யாரும் பேசுவதே இல்லை. எங்கள் குடும்பத்தில் ஒரே பெயர் இரண்டு தலைமுறையில் வந்து அமர்ந்ததைப் பக்கத்திலிருந்து பார்த்தவன் என்பதால், இதை விரிவாக எழுத வேண்டும் என்று தோன்றியது.

உண்மைப் பெயர்களை எழுதப் போவதில்லை. என் அப்பாவின் பெயர் சுப்பிரமணியன் என்று வைத்துக்கொள்வோம். அவருடைய அப்பா ராமசாமி. அப்பா தன் மூத்த மகனுக்கு, அதாவது என் அண்ணனுக்கு, தன் அப்பாவின் பெயரையே வைத்தார். எனவே அண்ணன் ராமசாமி. அண்ணனுக்குப் பையன் பிறந்ததும், அதே வழக்கப்படி அவன் சுப்பிரமணியன் ஆனான். அப்பாவுக்கு அன்று இருந்த மகிழ்ச்சியை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். தன் பெயர் தனக்குப் பின்னும் இருக்கும் என்பதைக் கண்ணெதிரே பார்ப்பது ஒரு பெரிய விஷயம்.

இப்போது இவர்களை முன்னெழுத்தோடு எழுதிப் பாருங்கள். அப்பா ரா. சுப்பிரமணியன். அண்ணன் சு. ராமசாமி. அண்ணன் மகன் மறுபடியும் ரா. சுப்பிரமணியன். ஆளைப் பிரித்துக் காட்டத்தான் தந்தை பெயரின் முதல் எழுத்தைச் சேர்க்கிறோம். ஆனால் ஒரு தலைமுறை விட்டு ஒரு தலைமுறை அதே பெயர் திரும்பி வரும்போது, அந்த எழுத்தும் கூடவே திரும்பி வந்துவிடுகிறது.

முன்னெழுத்தை விரித்து எழுதினால் போதுமே என்று தோன்றும். விரித்தால் இருவருமே "ராமசாமி மகன் சுப்பிரமணியன்". சரி, தாத்தா பெயரையும் சேர்ப்போம் என்றால், இருவருமே "சுப்பிரமணியன் மகன் ராமசாமி மகன் சுப்பிரமணியன்" ஆகிவிடுவார்கள், வழக்கம் மேலேயும் அப்படியே போயிருந்தால். எத்தனை தலைமுறை பின்னால் போனாலும் இரண்டு பெயர்களும் பிரியாது. தந்தை வழிப் பெயரை மட்டும் நம்பினால் தாத்தாவையும் பேரனையும் வேறுபடுத்தவே முடியாது. தாயின் பெயர், பிறந்த தேதி, அல்லது ஏதாவது ஓர் அடையாள எண் ஆகியவற்றில் ஒன்று இருந்தால்தான் முடியும். இந்த ஒரு விஷயம் புரிந்துவிட்டால் மீதியெல்லாம் எளிது.

இது பழைய சிக்கல். பல்லவர்களில் முதலாம் மகேந்திரவர்மனின் மகன் முதலாம் நரசிம்மவர்மன். அவன் மகன் இரண்டாம் மகேந்திரவர்மன், அதாவது தாத்தாவின் பெயர். அவனுக்குப் பேரன் இரண்டாம் நரசிம்மவர்மன். இந்த "முதலாம்", "இரண்டாம்" எல்லாம் பின்னால் வந்த வரலாற்று ஆசிரியர்கள் தங்கள் வசதிக்குப் போட்ட எண்கள். அந்தக் காலத்தில் சிறப்புப் பெயர்கள் இருந்தன. ஒரு நரசிம்மன் மாமல்லன், இன்னொரு நரசிம்மன் ராஜசிம்மன். பள்ளிப் பாடத்தில் நமக்கு மனதில் நிற்பதும் அந்தப் பெயர்கள்தான். எண்ணை மறந்துவிடுகிறோம், மாமல்லனை மறப்பதில்லை. வீட்டில் ஒரே பெயருள்ளவர்களை யோசிக்கும்போது இது எனக்கு அடிக்கடி நினைவுக்கு வரும்.

வீட்டுக்குள் எப்படித் தீர்ந்தது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஆரம்பத்தில் எல்லோரும் "பெரிய சுப்பிரமணியன், சின்ன சுப்பிரமணியன்" என்றார்கள். அது நீடிக்கவில்லை. யாரும் அதை வாயாரக் கூப்பிட முடியாது என்பது ஒரு காரணம். "சின்ன சுப்பிரமணியா, சாப்பிட வா" என்று எந்தத் தாய் கூப்பிடுவாள்? இன்னொரு காரணம், "சின்ன" என்ற ஒட்டு, மூன்றாவதாக அதே பெயரில் ஒரு குழந்தை பிறக்கும் வரைதான் செல்லும். பிறந்துவிட்டால் முதல் சின்னவனை என்ன செய்வது? அப்படி ஒட்டிக்கொண்டு, அறுபது வயதிலும் சின்னவராகவே அழைக்கப்படும் மனிதர்களை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம்.

அதோடு அண்ணிக்கு ஒரு சங்கடம் இருந்தது. மாமனாரின் பெயரை உரக்கச் சொல்லிப் பிள்ளையை அதட்ட அவருக்கு மனம் வரவில்லை. பிள்ளையை "டேய்" போடாமல் வளர்க்க முடியாது. ஆனால் அந்தப் பெயரோடு "டேய்" சேரவும் கூடாது. அடுத்த அறையில் மாமனார் உட்கார்ந்திருக்கிறார். இந்த மரியாதைதான், எனக்குத் தெரிந்து, பெரும்பாலான வீடுகளில் குழந்தைக்குக் கூப்பிடு பெயர் ஒன்று உருவாகக் காரணம். குழப்பம் அதற்கு அடுத்துதான்.

நல்லவேளையாக சுப்பிரமணியன் நீளமான பெயர். அப்பாவை அவருடைய அண்ணன்களும் நண்பர்களும் "சுப்பு" என்றுதான் கூப்பிட்டு வந்தார்கள். அதாவது அவர் பெயரின் முன்பாதியை ஏற்கெனவே எடுத்துக்கொண்டுவிட்டார். பையனுக்குப் பின்பாதி கிடைத்தது: மணி. இதை யாரும் உட்கார்ந்து திட்டமிடவில்லை. அண்ணி ஒருநாள் அப்படிக் கூப்பிட்டார், நின்றுவிட்டது. பிறகுதான் அது ஏன் இவ்வளவு நன்றாக வேலை செய்கிறது என்று யோசித்தேன். வேறொரு அறையிலிருந்து யாராவது கூப்பிடும்போது நம் காதில் முதலில் விழுவது முதல் அசை. "சு" என்று தொடங்கும் இரண்டு செல்லப் பெயர்கள் இருந்தால், சுப்பு, சுப்பி என்று என்ன வித்தியாசம் காட்டினாலும், இருவருமே தலையைத் தூக்குவார்கள். "ம" என்று தொடங்கியதும் அப்பா தன் செய்தித்தாளிலேயே இருப்பார். கூப்பிடு பெயரைத் தேர்ந்தெடுக்கும்போது பொருள், அழகு எல்லாம் பார்க்கலாம், ஆனால் முதல் அசை வேறாக இருக்கிறதா என்று கட்டாயம் பார்க்க வேண்டும்.

அமெரிக்க அதிபராக இருந்த மூத்த ஜார்ஜ் புஷ்ஷின் குடும்பத்தில் இதற்கு எதிர்மாறாக நடந்தது. 1924இல் பிறந்த அவருக்குத் தாய்வழித் தாத்தா ஜார்ஜ் ஹெர்பர்ட் வாக்கரின் பெயரை முழுதாக வைத்தார்கள். அந்தத் தாத்தாவை அவருடைய பிள்ளைகள் "பாப்" என்று கூப்பிடுவார்கள். அதனால் பேரன் "பாப்பி" ஆனார். தாத்தாவின் பெயர் மட்டுமல்லாமல், தாத்தாவின் செல்லப் பெயரும் பேரனுக்கு வந்து சேர்ந்தது. பின்னர் அவருடைய மகனும் ஜார்ஜ் என்ற பெயரோடு அதிபரானதும், இருவரையும் பிரிக்க 41, 43 என்று அதிபர் வரிசை எண்ணைச் சொல்லும் வழக்கம் வந்தது. எல்லாக் குடும்பங்களுக்கும் அப்படி ஓர் எண் கிடைக்காது.

கூப்பிடு பெயரில் ஒரே ஒரு எச்சரிக்கை. பையன் மணி என்ற பெயரிலேயே வளர்ந்தான். பள்ளியில் சேர்ந்த புதிதில் வருகைப் பதிவில் "சுப்பிரமணியன்" என்று வாசித்தபோது அவன் பதில் சொல்லவில்லை. அவனைப் பொறுத்தவரை அது தாத்தாவின் பெயர், தாத்தா அங்கே இல்லை. குழந்தைக்கு மூன்று வயதாகும்போதே, "உன் முழுப் பெயர் என்ன?" என்று விளையாட்டாகக் கேட்டுப் பழக்கிவிடுவது நல்லது. தொலைந்துபோனால் சொல்லத் தெரிய வேண்டிய பெயரும் அதுதான்.

இனி காகிதத்துக்கு வருகிறேன். மணிக்கு ஒன்பது வயதிருக்கும்போது காய்ச்சல் வந்தது, ஒரு பரிசோதனைக் கூடத்தில் ரத்தம் கொடுத்தார்கள். பெயர், முகவரி, அண்ணனின் அலைபேசி எண் எல்லாம் அங்கே பதிவாயின. சில வாரங்கள் கழித்து அப்பாவுக்கு வழக்கமான சிறுநீரகப் பரிசோதனை. அதே கூடம், அதே பெயர், அதே முகவரி, தொடர்புக்கு அதே அண்ணனின் எண். முன்மேசையில் இருந்தவர் எண்ணைத் தட்டினார், ரா. சுப்பிரமணியன் என்று திரையில் ஒரு பதிவு வந்தது, அதையே எடுத்துக்கொண்டார். புதிதாக ஒன்றைத் தொடங்க வேண்டும் என்று அவருக்குத் தோன்ற எந்தக் காரணமும் இல்லை.

முடிவு அண்ணனின் அலைபேசிக்கு வந்தது. கிரியாட்டினின் 1.2, பக்கத்தில் "அதிகம்" என்ற குறி. வயதான ஓர் ஆணுக்கு 1.2 என்பது பெரும்பாலும் இயல்பு வரம்புக்குள்தான் வரும். ஒன்பது வயதுக் குழந்தைக்கு அது அதிகம், ஏனென்றால் கிரியாட்டினின் தசையிலிருந்து வருவது, குழந்தைகளுக்குத் தசை குறைவு. அந்தத் தாள் மணியின் பதிவில் அச்சாகியிருந்ததால், மணியின் வயதுக்கான வரம்போடு ஒப்பிட்டுக் குறி போட்டிருந்தது. அப்பாவுக்குச் சிறுநீரகம் கெட்டுவிட்டது என்று வீடே பதறியது. தாளின் தலைப்பில் வயது 9 என்று இருந்ததை அண்ணி பார்த்த பிறகுதான் விஷயம் விளங்கியது.

அந்தப் பதற்றம் ஒரு மாலையோடு முடிந்தது. ஆனால் அதன் மறுபக்கம் ஆபத்தானது. அப்பாவின் முடிவு மணியின் பதிவில் இருக்கிறது என்றால், அப்பாவின் பதிவில் அது இல்லை. ஆறு மாதம் கழித்து அவருடைய மருத்துவர் முந்தைய எண்ணைத் தேடினால் கிடைக்காது. சிறுநீரகப் பரிசோதனையில் ஒரு தனி எண்ணைவிட, அது காலப்போக்கில் ஏறுகிறதா இறங்குகிறதா என்பதுதான் முக்கியம். அண்ணன் போய்ச் சொல்லி, அந்த முடிவை நீக்கி, அப்பாவுக்குத் தனிப் பதிவு உண்டாக்கி அதில் சேர்க்க வைத்தார்.

மருத்துவமனைகளில் ஒருவரை இரண்டு அடையாளங்களாவது கேட்டு உறுதி செய்ய வேண்டும் என்பது பரவலான நெறி. பெரும்பாலும் பெயரும் பிறந்த தேதியும். ஆனால் அவசரத்தில் பெயரும் அலைபேசி எண்ணும் என்று ஆகிவிடுகிறது. ஒரே பெயருள்ள இருவர் ஒரே வீட்டில் இருந்தால், பெயர், முகவரி, வீட்டின் பொது எண் மூன்றையும் சேர்த்தாலும் ஓர் அடையாளம்கூடத் தேறாது. அன்றிலிருந்து எங்கள் வீட்டில் இரண்டு பழக்கங்கள். அப்பாவுக்கு அப்பாவின் சொந்த எண்ணையே கொடுப்பது. எந்த மேசையிலும் பெயரைச் சொன்ன கையோடு, கேட்காவிட்டாலும், பிறந்த தேதியைச் சொல்லி, "இதே பெயரில் வீட்டில் இன்னொருவர் இருக்கிறார்" என்று சேர்த்துச் சொல்வது. இந்த ஒரு வாக்கியம் கேட்டதும் எதிரே இருப்பவர் திரையை இன்னொரு முறை பார்க்கிறார். சாதாரண வாக்கியம், ஆனால் நன்றாக வேலை செய்கிறது.

பிறகு தங்கைக்குப் பையன் பிறந்தான். அவளுக்கும் அப்பாவின் பெயரை வைக்க ஆசை. "ஏற்கெனவே ஒருத்தனுக்கு வைத்தாகிவிட்டதே" என்று சில உறவினர்கள் முணுமுணுத்தார்கள். எனக்கு அந்த வாதம் பிடிக்கவில்லை. தாத்தா எல்லாப் பிள்ளைகளுக்கும் அப்பாதானே? கிரேக்கர்களிடம் இது இயல்பான வழக்கம். முதல் மகனுக்குத் தந்தைவழித் தாத்தா பெயர், அடுத்தவனுக்குப் பெரும்பாலும் தாய்வழித் தாத்தா பெயர். நான்கு சகோதரர்கள் இருந்தால் நான்கு வீட்டிலும் ஒரே பெயருள்ள பையன் இருப்பான், அப்பா பெயரைச் சேர்த்தோ பட்டப்பெயர் வைத்தோ பிரித்துக்கொள்வார்கள். அத்தை பிள்ளை, மாமன் பிள்ளை என்ற அளவில் தந்தை பெயர் உண்மையிலேயே பயன்படுகிறது, ஏனென்றால் தந்தைகள் வேறு வேறு. தாத்தா-பேரன் இடையேதான் அது கைவிடுகிறது.

ஆனால் தங்கை வீட்டில் அதிலும் ஒரு கண்ணி இருந்தது. அவள் கணவர் பெயர் ரவி என்று வைத்துக்கொள்ளுங்கள். தமிழில் எழுதினால் ரா. சுப்பிரமணியன், ர. சுப்பிரமணியன் என்று ஒரு கால் வித்தியாசமாவது இருக்கும். படிவங்களில் ஆங்கில எழுத்தில் நிரப்பும்போது தாத்தா, மூத்த பேரன், இளைய பேரன் மூவருமே R. SUBRAMANIAN. எழுத்தை மாற்றி SUBRAMANIYAN என்று வைத்துக்கொள்ளலாமே என்றார் மைத்துனர். நான் வேண்டாம் என்றேன். ஒலியில் இல்லாத வித்தியாசம் தொலைபேசியில் சொல்லும்போது காணாமல் போகும். எழுதுபவர் தனக்குப் பழக்கமான எழுத்தையே போடுவார். அப்புறம் ஒரு சான்றிதழில் ஒரு எழுத்து, இன்னொன்றில் வேறு எழுத்து என்று ஆகி, அந்தப் பையனே தன்னைத் தானே இரண்டு பேர் இல்லை என்று நிரூபிக்க வேண்டிவரும்.

பெயருக்குப் பின்னால் ஓர் ஒட்டு சேர்க்கும் முறையும் உலகில் உண்டு. பிரேசிலில் தாத்தாவின் முழுப் பெயரை வைத்தால் கடைசியில் "நெட்டோ" என்று சேர்ப்பார்கள், பேரன் என்று பொருள். தந்தை பெயரையே வைத்தால் அதற்கு வேறு ஒட்டு. தெளிவான ஏற்பாடு, அங்கே அது பெயரின் பகுதியாகவே பதிவாகிறது. அமெரிக்காவில் தந்தை பெயரைத் தாங்கியவர் ஜூனியர். தாத்தா அல்லது மாமன் பெயரைத் தாங்கியவர் இரண்டாமவர் என்று எண் போட்டுக்கொள்வார். அதில் ஒரு பழைய வழக்கம், மூத்தவர் இறந்ததும் மற்றவர்கள் ஒரு படி மேலே நகர்வது. எல்லோரும் அப்படிச் செய்வதில்லை. அதனால் நாற்பது ஆண்டு இடைவெளியில் எழுதப்பட்ட இரண்டு ஆவணங்களில் ஜூனியர் என்பது இரண்டு வேறு மனிதர்களாக இருக்கலாம். பழைய ஆங்கிலப் பதிவேடுகளைப் படிப்பவர்களுக்கு இன்னொரு தொல்லை: அங்கே சீனியர், ஜூனியர் என்றால் அப்பா-மகன் என்றே பொருளில்லை. ஒரே ஊரில் ஒரே பெயருள்ள மூத்தவர், இளையவர், அவ்வளவுதான். உறவே இல்லாமலும் இருக்கலாம்.

எது எப்படியோ, பின்னால் சேர்ப்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை. படிவத்தில் கட்டங்கள் தீர்ந்தால் வெட்டுப்படுவது வால்தான். இரண்டு சொற்களாகப் பெயர் வைத்து, தாத்தா பெயரை முதலிலும் புதுப் பெயரை இரண்டாவதாகவும் எழுதினால், பாதி இடங்களில் முதல் சொல் மட்டும் மிஞ்சும், மீண்டும் பழைய குழப்பம். வித்தியாசம் பெயரின் தலையில் இருக்க வேண்டும். இடைவெளியும் இல்லாவிட்டால் இன்னும் நல்லது, ஏனென்றால் இடைவெளி இருக்கும் இடத்தில்தான் கணினி பெயரை இரண்டாக உடைத்து, ஒன்றைக் குடும்பப் பெயர் என்று எடுத்துக்கொள்கிறது.

தங்கையின் மகனுக்குப் பாலசுப்பிரமணியன் என்று வைத்தோம். ஒரே சொல். அகர வரிசையில் தாத்தாவுக்கும் மூத்த பேரனுக்கும் பக்கத்திலேயே வராது. கூப்பிடு பெயர் பாலா, முதல் அசையும் வேறு. தாத்தாவின் பெயர் ஓர் எழுத்துக் குறையாமல் உள்ளே இருக்கிறது. அப்பாவிடம் சொன்னபோது, முழுப் பெயரையும் இரண்டு முறை சொல்லிப் பார்த்துவிட்டு, "என் பேரு அப்படியேதானே இருக்கு" என்றார். அவருக்கு அது போதுமாக இருந்தது. இப்படி முன்னால் ஒரு சொல் சேர இடம் கொடுக்கும் பெயர்கள் நம்மிடம் நிறைய. முருகன் என்றால் பாலமுருகன், வேல்முருகன். லட்சுமி என்றால் தனலட்சுமி, விஜயலட்சுமி. பாட்டியின் பெயரைப் பேத்திக்கு வைப்பவர்களுக்கும் இதே வழிதான்.

மணியின் பெயரை மாற்ற வேண்டுமா என்று அண்ணன் ஒரு கட்டத்தில் யோசித்தார். வேண்டாம் என்று முடிவாயிற்று. அந்தப் பெயர் அவனுக்குப் பிடித்திருந்தது, தாத்தாவுக்கும் அவனுக்கும் இடையில் அது ஒரு தனி நெருக்கமாக வளர்ந்திருந்தது. அதற்குப் பதில் காகிதங்களைச் சரிசெய்தார். எங்கெல்லாம் முன்னெழுத்தோடு ஒரே பெயர் இருக்கிறதோ அங்கெல்லாம் பிறந்த தேதி பதிவாகியிருக்கிறதா என்று பார்த்தார். வங்கியில் இருவருக்கும் ஒரே வாடிக்கையாளர் எண் தவறுதலாக இணைந்திருக்கிறதா என்று கேட்டு, இல்லை என்று உறுதி செய்துகொண்டார். தபாலில் வருபவற்றுக்கு ஒரு விதி வைத்தார்கள்: கவரின் மேல் பெயரை மட்டும் பார்த்துப் பிரிக்கக் கூடாது, உள்ளே இருக்கும் கணக்கு எண்ணைப் பார்த்த பிறகே யாருடையது என்று எடுத்து வைக்க வேண்டும்.

இன்னும் ஓர் இடம் மிச்சம். அதைப் பேச மனம் வராது, ஆனாலும் பேசித்தான் ஆக வேண்டும். மூத்தவர் காலமாகும் நாளில், இறப்புச் சான்றிதழில் எழுதப்படும் பெயர், உயிரோடிருக்கும் பேரனின் பெயர். தந்தை பெயரும் அதே. முகவரியும் பெரும்பாலும் அதே. அந்தச் சான்றிதழைக் கொடுத்துக் கணக்குகளை முடிக்கும்போது தவறான கணக்கு முடக்கப்படாமல் இருக்க, அதில் வயதும், தாயின் பெயரும், துணைவரின் பெயரும், அடையாள எண்ணுக்கு இடமிருந்தால் அதுவும் சரியாக இருக்கின்றனவா என்று வாங்கும்போதே பார்த்துவிட வேண்டும். துக்கத்தில் இருப்பவர்களால் இது முடியாது. பெயர் வைத்த குடும்பத்தில் சற்று விலகி நிற்கக்கூடிய ஒருவர் இந்த வேலையை எடுத்துக்கொள்ள வேண்டும். எங்கள் வீட்டில் அது நான் என்று பேசி வைத்திருக்கிறோம். அப்பாதான் அந்தப் பேச்சையே எடுத்தார்.

சொத்துப் பத்திரங்களிலும் இதே கவனம் தேவை. "ராமசாமி மகன் சுப்பிரமணியன்" என்று மட்டும் எழுதினால், ஐம்பது ஆண்டு கழித்துப் படிப்பவருக்கு அது தாத்தாவா பேரனா என்று தெரியாது. பத்திரத்தின் தேதியையும் மனிதர்களின் வயதையும் வைத்து ஊகிக்கத்தான் முடியும், இருவரும் பெரியவர்களாக உயிரோடிருந்த ஆண்டுகளில் எழுதப்பட்டிருந்தால் ஊகமும் செல்லாது. அப்பா அண்மையில் ஓர் ஆவணம் எழுதியபோது, தன் பெயருக்குப் பக்கத்தில் பிறந்த தேதியையும் தாயின் பெயரையும் சேர்க்கச் சொன்னார். எழுதுபவர், "இதெல்லாம் வழக்கமாகப் போடுவதில்லையே" என்றார். "எனக்கு இதே பேர்ல பேரன் இருக்கான், போடுங்க" என்றார் அப்பா. போட்டார்கள்.